ஷிஃப்ட் தொடங்கும்போது வரும் 'உங்களுக்கு ஒரு டாஸ்க்' மெயில்

ஷிஃப்ட் ஆரம்பித்த முதல் கால் மணி நேரத்தில் திரையில் ஒரு லாகின் பக்கம் வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. எப்படியும் அந்த நேரத்தில் பாஸ்வேர்டு போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நேற்றைய செஷன் முடிந்திருக்கும், லேப்டாப்பை இப்போதுதான் திறந்திருப்போம், கை தானாகவே அடித்துவிடும். அதே பக்கம் வேலை மும்முரமாக ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால், "இப்ப எதுக்கு மறுபடி கேக்குது?" என்று ஒரு நொடியாவது நிற்போம். போலி டாஸ்க் அறிவிப்பு அனுப்புகிறவர்கள் இந்த வித்தியாசத்தை நன்றாகவே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

நான் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு சப்போர்ட் சென்டரில் ஷிஃப்ட் லீடாக இருக்கிறேன். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கான வேலை, மாலை ஆறரைக்கு ஷிஃப்ட். எங்கள் டீமுக்கு வந்த ஒரு மெயிலை வைத்தே இதைச் சொல்கிறேன். ஆறேகால் வாக்கில் வந்தது. டீமில் பாதிப் பேர் அப்போது கேப்பில் இருந்தார்கள், மீதிப் பேர் பஞ்ச் பண்ணிவிட்டுக் காபி மெஷின் பக்கம் நின்றிருந்தார்கள். எங்கள் ஷிஃப்ட் நேரம் வெளியாளுக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகு பலரும் கேட்டார்கள். அதற்குப் பெரிய உளவு வேலை எதுவும் வேண்டாம். வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்திலேயே ஷிஃப்ட் நேரம், கேப் வசதி, எந்த டிக்கெட் டூல் தெரிந்திருக்க வேண்டும் என்பது வரை எல்லாம் போட்டிருக்கும்.

மெயிலின் முக்கியமான வரிகள் இவை. டொமைன் பெயரையும் டிக்கெட் எண்ணையும் மட்டும் மாற்றியிருக்கிறேன், அமைப்பு அப்படியே இருக்கிறது.

```
From: IT Service Desk <notify@itsm-taskboard.example>
Subject: INC0048213 assigned to you - P2 - SLA 30 min
Link: https://login.microsoftonline.com.itsm-taskboard.example/a#<email>
```

உங்கள் பெயருக்கு ஓர் அவசரப் புகார் டிக்கெட், முப்பது நிமிடத்துக்குள் கவனிக்க வேண்டும் என்பதுதான் தலைப்பு. எழுத்துப் பிழை இல்லை. லோகோ சரியாக இருந்தது. டிக்கெட் எண்ணின் வடிவம்கூட எங்கள் டூலில் வருவது போலவே, மூன்று எழுத்து, ஏழு இலக்கம். "இங்கிலீஷ் தப்பா இருந்தா ஃபிராடு" என்று இன்னமும் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். அதை நம்பி உட்கார்ந்திருந்தால் இந்த மெயில் பாஸ் ஆகியிருக்கும்.

அந்த லிங்க்கை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். `https://` முடிந்த இடத்திலிருந்து அடுத்து வரும் முதல் சாய்கோடு வரை உள்ள பகுதிதான் முகவரி. அதை இடமிருந்து படித்தால் `login.microsoftonline.com` என்று கண்ணில் படும், மனசு நிம்மதியாகிவிடும். வலமிருந்து படிக்க வேண்டும். சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருப்பது `itsm-taskboard.example`. அதுதான் அந்தத் தளத்தின் சொந்தக்காரர் பதிவு செய்த பெயர். அதற்கு இடப்பக்கம் எதை வேண்டுமானாலும் அவர் ஒட்டிக்கொள்ளலாம், யாரிடமும் கேட்கத் தேவையில்லை. `.co.in` மாதிரி முடிகிற பெயர்களுக்கு மட்டும் கடைசி மூன்று துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். உண்மையான மைக்ரோசாஃப்ட் லாகின் பக்கத்தில் `login.microsoftonline.com` முடிந்தவுடனேயே சாய்கோடு வந்துவிடும்.

லிங்க்கின் கடைசியில் `#` போட்டு நம் மெயில் ஐடி ஒட்டியிருப்பதையும் கவனியுங்கள். பக்கம் திறக்கும்போது யூசர்நேம் பெட்டியில் நம் ஐடி ஏற்கெனவே நிரம்பியிருப்பதற்கான ஏற்பாடு அது. "நம்ம பேர் தெரிஞ்சிருக்கே, அப்ப நம்ம கம்பெனிதான்" என்று தோன்றும். அந்த ஐடிக்கு மெயில் அனுப்பியவருக்கு அது தெரிந்திருப்பதில் என்ன அதிசயம்? சில நேரம் ஐடி நேராகத் தெரியாமல், புரியாத நீண்ட எழுத்துக்கோவையாக மாற்றி ஒட்டப்பட்டிருக்கும். வேலை ஒன்றுதான்.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பல கம்பெனிகளில் மெயிலில் வரும் லிங்க் எல்லாமே `safelinks.protection.outlook.com` என்பதை உள்ளடக்கிய நீளமான முகவரியாக மாற்றப்பட்டுத்தான் வரும். பாதுகாப்புக்காகச் செய்வதுதான், ஆனால் மவுஸை மேலே வைத்து முகவரியைப் படிக்கும் பழக்கத்தை அது பாழாக்கிவிட்டது. நல்ல லிங்க்கும் கெட்ட லிங்க்கும் வெளியே ஒரே மாதிரி தெரிகின்றன. மொபைலில் இன்னும் மோசம். மெயில் ஆப்புக்குள்ளேயே திறக்கும் பக்கத்தில் பல நேரம் முகவரி முழுதாகத் தெரியாது, தெரிவது இடப்பக்கத் துண்டு மட்டும்தான். அந்தத் துண்டில் என்ன இருக்கும் என்று மேலே பார்த்தோம்.

ஆகவே முகவரியைப் படிப்பதை முதல் காவலாக நான் இப்போது சொல்லிக்கொடுப்பதில்லை. அதைவிட உறுதியான அடையாளம் நம் வேலை நடக்கும் விதத்திலேயே இருக்கிறது. எங்கள் ஃப்ளோரில் டிக்கெட் முதலில் குரூப் க்யூவில் விழும். டிஸ்பாட்ச் பார்க்கிறவர்தான் ஆளுக்குப் பிரித்துக் கொடுப்பார், அதுவும் ஹேண்டோவர் முடிந்த பிறகு. ஷிஃப்டுக்குள் இன்னும் வராத ஒருவர் பெயருக்கு, ஹேண்டோவர் நடப்பதற்கு முன்பே, அவசர டிக்கெட் நேராகப் போக வழியே இல்லை. அப்புறம் இன்னொன்று. எங்கள் டூல் அனுப்பும் மெயிலில் வாடிக்கையாளர் பெயரும் பிரச்சினையின் ஒரு வரிச் சுருக்கமும் கட்டாயம் இருக்கும். இந்த மெயிலில் அவசரம் இருந்தது, என்ன பிரச்சினை என்பது இல்லை. அதைத் தெரிந்துகொள்ள லிங்க்கைத் தொடு என்பதுதான் முழு மெயிலும். மெயிலின் வணக்க வரியில் பெயருக்குப் பதில் மெயில் ஐடியின் முன்பாதி, புள்ளியோடு அப்படியே நின்றது. பட்டியலில் இருந்து இயந்திரம் நிரப்பியது என்பதற்கு அது போதும்.

இவ்வளவும் தெரிந்த ஆட்கள் பலரும் அதை ரிப்போர்ட் பண்ணிவிட்டார்கள். டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பி மட்டும் கேப்பில் வரும்போதே ஃபோனில் திறந்துவிட்டான். எங்களுக்கு அது தெரியவந்ததே அவன் கேட்ட ஒரு கேள்வியால்தான்.

"அக்கா, அந்த பி2-வை டிஸ்பாட்ச்ல திரும்ப எடுத்துட்டாங்களா? எனக்கு அசைன் ஆகியிருந்துச்சு, இப்ப க்யூல காணோம்."

"நம்பர் சொல்லு."

சொன்னான். டூலின் தேடல் பெட்டியில் போட்டேன். அப்படி ஒரு பதிவே இல்லை. எங்கள் எண்கள் அப்போது எங்கேயோ முன்னால் ஓடிக்கொண்டிருந்தன, இது பழைய வரிசைக்கும் பொருந்தவில்லை, புது வரிசைக்கும் பொருந்தவில்லை.

"லாகின் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுக்கா. போட்டேன். அப்புறம் ஆத்தென்டிகேட்டர்ல நம்பர் கேட்டுச்சு, அதையும் போட்டேன். உள்ள போனா ஆபீஸ் ஹோம் பேஜ்தான் வந்துச்சு."

ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் நம்பர் ஒப்பிடுவதுதான் பலருக்கும் பெரிய நம்பிக்கை. சும்மா "அப்ரூவ்" பட்டனைத் திரும்பத் திரும்ப அனுப்பி ஆளைச் சலிக்க வைத்து அழுத்தச் செய்யும் தந்திரத்துக்கு அது நல்ல மருந்து. அதனால்தான் 2023 மே மாதத்திலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது. ஆனால் இங்கே நடந்தது வேறு. போலிப் பக்கம் வெறும் படம் இல்லை, நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு தரகர். அவன் அடித்த பாஸ்வேர்டை அந்த நொடியே உண்மையான மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் போட்டது. உண்மையான பக்கம் ஒரு நம்பரைக் காட்ட, அதை அப்படியே இவன் திரைக்குக் கொண்டுவந்தது. இவன் ஃபோனில் வந்த கேள்வியும் உண்மையானது, இவன் போட்ட நம்பரும் சரியானது. கம்பெனி லோகோவும் பின்னணிப் படமும் கச்சிதமாக இருந்ததற்கும் அதுதான் காரணம், அவையெல்லாம் உண்மையான பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டவை.

லாகின் முடிந்ததும் உண்மையான தளம் ஒரு செஷன் குக்கியைக் கொடுக்கும். தீம் பார்க்கில் நுழைவாயிலில் கையில் கட்டிவிடும் பட்டை மாதிரி: அது இருந்தால் உள்ளே ஒவ்வொரு ரைடிலும் டிக்கெட் கேட்க மாட்டார்கள். நடுவில் இருந்த தரகர் எடுத்துக்கொண்டது அந்தக் குக்கியைத்தான். மைக்ரோசாஃப்ட் 2022 ஜூலையில் வெளியிட்ட ஓர் ஆய்வில், இதே முறையில் நடந்த ஒரே ஒரு தாக்குதல் தொடர் 2021 செப்டம்பர் முதல் 10,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் குறிவைத்ததாகச் சொல்லியிருந்தது. பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் ஏன் போதாது என்பதும் இதிலிருந்தே புரியும்.

பாதுகாப்பு டீமுக்கு ஃபோன் போட்டோம். மெயில் இல்லை, ஃபோன். அவன் மெயில் பெட்டி யார் கையில் இருக்கிறது என்று அந்த நேரத்தில் தெரியாதே. அவர்கள் முதலில் அவன் கணக்கின் எல்லாச் செஷன்களையும் ரத்து செய்துவிட்டு, பிறகு பாஸ்வேர்டை மாற்றினார்கள். ரத்து செய்தாலும் ஏற்கெனவே கொடுக்கப்பட்ட சில அனுமதிகள் ஒரு மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ உயிரோடு இருக்கலாம் என்பதால், அந்த நேரம் வரை லாகின் பதிவுகளைக் கண்காணித்துக்கொண்டே இருந்தார்கள். பதிவில் இவன் கேப்பில் வந்துகொண்டிருந்த நேரத்தில், ஏதோ ஒரு சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் ஐ.பி. முகவரியிலிருந்து வெற்றிகரமான லாகின் ஒன்று இருந்தது.

அடுத்து இரண்டு இடங்களைத் திறந்து பார்க்கச் சொன்னார்கள். இவை யாருக்கும் நினைவுக்கு வராத இடங்கள். ஒன்று `mysignins.microsoft.com/security-info`. அங்கே அவன் ஃபோனோடு இன்னொரு ஃபோனும் ஆத்தென்டிகேட்டராகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதை விட்டிருந்தால் புது பாஸ்வேர்டும் என்றாவது ஒருநாள் பயனற்றுப் போயிருக்கும். இரண்டாவது, அவுட்லுக்கில் மெயில்களை வகைப்படுத்தும் ரூல்ஸ் பக்கம். அங்கே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி மட்டும் வைத்து ஒரு ரூல் இருந்தது. பட்டியலில் வேகமாகப் பார்த்தால் காலி வரி என்றே நினைப்போம். தலைப்பில் பாஸ்வேர்டு, செக்யூரிட்டி, பிஷிங் போன்ற சொற்கள் இருக்கும் மெயில்களைப் படித்ததாகக் குறித்து, அவுட்லுக்கில் RSS Feeds என்று இருக்கும் ஃபோல்டருக்குள் தள்ளச் சொல்லியிருந்தது அந்த ரூல். யாரும் திறக்காத ஃபோல்டர் அது. "இந்த மெயிலைத் திறக்காதீர்கள்" என்று நாங்கள் டீம் முழுக்க அனுப்பிய எச்சரிக்கை அவன் இன்பாக்ஸுக்கு வரவே இல்லை, அந்த ஃபோல்டருக்குள் கிடந்தது.

இதற்குப் பிறகு எங்கள் ஷிஃப்டில் மாற்றியது முக்கியமாக ஒன்றைத்தான்: வரிசை. முதலில் லேப்டாப், புக்மார்க்கில் இருக்கும் டிக்கெட் டூல், அங்கே லாகின், க்யூ. அதெல்லாம் முடிந்த பிறகுதான் மெயில். ஃபோனில் மெயிலைப் படிக்கலாம், லிங்க்கைத் தொடுவதில்லை.

வரிசையை மாற்றினால் என்ன ஆகிறது என்றால், நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள். உண்மையான டாஸ்க் லிங்க்காக இருந்தால் அதே பிரவுசரில் பாஸ்வேர்டு கேட்காமல் நேராக டிக்கெட்டில் போய் நிற்கும். போலிப் பக்கத்துக்கு உங்கள் செஷன் தெரியாது, அது கேட்டுத்தான் ஆக வேண்டும். அதாவது லாகின் பக்கம் வருவதே சந்தேகத்துக்குரியதாகிவிடுகிறது. முகவரியைப் படிக்கத் தெரியாதவருக்கும், சேஃப்லிங்க்கால் முகவரி மறைந்துபோனவருக்கும் இந்த அடையாளம் தெரியும்.

இது நூறு சதவீதம் சரியாக இருக்காது. சில கம்பெனிகளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி லாகின் கேட்கும்படி அமைத்திருப்பார்கள். டூல் குரோமில் திறந்திருக்க, மெயில் லிங்க் எட்ஜில் திறந்தால் உண்மையான பக்கமும் பாஸ்வேர்டு கேட்கும். அந்த மாதிரி நேரத்தில் இது உண்மையா போலியா என்று ஆராய்ந்துகொண்டு இருக்க வேண்டாம். அந்த டேபை மூடிவிட்டு, ஏற்கெனவே திறந்திருக்கும் டூலில் டிக்கெட் எண்ணைத் தேடுங்கள். இருந்தால் அங்கேயே கிடைக்கும். இல்லாவிட்டால் மெயிலை ரிப்போர்ட் பண்ணிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இதற்கு ஆகும் நேரம் லிங்க்கைச் சொடுக்கி லாகின் செய்வதைவிடக் குறைவு.

பாஸ்வேர்டு மேனேஜர் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. சேமித்த முகவரியில் மட்டும்தான் அது தானாக நிரப்பும். நிரப்பவில்லை என்றால், "ஏதோ பக்" என்று காப்பி பேஸ்ட் செய்யாமல் நிறுத்த வேண்டும். எங்கள் ஆட்கள் சிலர் அந்த இடத்தில்தான் பொறுமை இழக்கிறார்கள். யூ.எஸ்.பி. செக்யூரிட்டி கீ அல்லது பாஸ்கீ இருந்தால் மனிதப் பொறுமையை நம்ப வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அது எந்தத் தளத்துக்காகப் பதிவானதோ அந்த முகவரியைத் தவிர வேறெங்கும் பதில் தராது.

அதற்கு எல்லோரும் அறிந்த சாட்சி கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் 2022 ஜூலை 20 அன்று நடந்தது. "உங்கள் ஷெட்யூல் மாற்றப்பட்டுள்ளது, பார்க்க இங்கே தொடவும்" என்று குறைந்தது 76 ஊழியர்களின் ஃபோன்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் எஸ்.எம்.எஸ். வந்தது, சிலரின் வீட்டாருக்கும் வந்தது. லிங்க் `cloudflare-okta.com`. அந்த டொமைன் பதிவாகி 40 நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. அதனால் போலி டொமைன்களைத் தேடும் அவர்களுடைய ஏற்பாட்டில் அது சிக்கவில்லை. மூன்று ஊழியர்கள் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் எல்லோரிடமும் செக்யூரிட்டி கீ கட்டாயமாக இருந்ததால் அந்த பாஸ்வேர்டுகளை வைத்து உள்ளே வர முடியவில்லை. கிட்டத்தட்ட அதே காலத்தில் ட்விலியோ ஊழியர்களுக்கும் ஷெட்யூல் மாறிவிட்டது, பாஸ்வேர்டு காலாவதியாகிவிட்டது என்று இதே வகைச் செய்திகள் வந்தன. அங்கே ஆட்கள் உள்ளே புகுந்தே விட்டார்கள். இணையப் பாதுகாப்பையே தொழிலாக வைத்திருக்கும் இடத்தில் மூன்று பேர் ஏமாந்தார்கள் என்றால், நம் ஃப்ளோரில் ஏமாறுகிறவனை முட்டாள் என்று திட்டுவதில் அர்த்தமில்லை.

இன்னும் இரண்டு வகைகளில் மேலே சொன்ன சோதனைகள் வழுக்கிவிடும். முதலாவதில் மெயில் அனுப்பிய முகவரி உண்மையானதாகவே இருக்கும். வெளியாள் ஒருவர் தன் சொந்தக் கணக்கில் ஒரு டாஸ்க்கோ டாக்குமென்டோ உருவாக்கி அதில் உங்களைச் சேர்த்தால், அந்தச் சேவையே தன் முகவரியிலிருந்து அறிவிப்பு அனுப்பும். மோசடி லிங்க் டாஸ்க்கின் விவரத்துக்குள் இருக்கும். அனுப்புநர் முகவரி சரியாக இருக்கிறதே என்று அதை நம்பக் கூடாது, யார் அந்த டாஸ்க்கை உருவாக்கியது என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பக்கமே உண்மையானது. "ஷிஃப்ட் பிரிட்ஜ் காலில் சேர `microsoft.com/devicelogin` போய் இந்த லாகின் கோடைப் போடவும்" என்று செய்தி வரும். முகவரி அசல் மைக்ரோசாஃப்ட். ஆனால் அந்தக் கோடை உருவாக்கியது வேறொருவர், நீங்கள் அதைப் போட்டதும் அவருடைய கருவி உங்கள் பெயரில் லாகின் ஆகிறது. மீட்டிங் அழைப்பு என்ற பெயரில் இதைச் செய்துவந்த ஒரு குழுவைப் பற்றி மைக்ரோசாஃப்ட் 2025 பிப்ரவரியில் எச்சரித்தது. நீங்களாக ஒரு டி.வி.யிலோ கருவியிலோ தொடங்காத லாகினுக்கு வரும் எந்தக் கோடையும் எங்கேயும் போட வேண்டாம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். கட்டாயப் பயிற்சி, ரோஸ்டர் ஒப்புதல் என்று நம் நிர்வாகமே வெளி வெண்டார்களின் டொமைனிலிருந்து "இன்றே லாகின் செய்யவும்" என்று மெயில் அனுப்பும். பார்க்க அசல் மோசடி மெயில் மாதிரியே இருக்கும். மக்களைக் குழப்புவதில் அதற்குப் பாதிப் பங்கு உண்டு. கேட்டுக் கேட்டு, எந்தெந்த முகவரிகளிலிருந்து அறிவிப்பு வரும் என்ற பட்டியலை வாங்கி ஹேண்டோவர் ஷீட்டின் மேலே ஒட்டிவைத்திருக்கிறோம். அதற்குக் கீழே பாதுகாப்பு டீமின் ஃபோன் நம்பர்.

சந்தேக மெயிலை "இதைப் பாருங்கப்பா" என்று குரூப்பில் ஃபார்வர்டு செய்வதை நிறுத்தியிருக்கிறோம், அப்படி ஃபார்வர்டு ஆனதைத் தொட்டவர்களே உண்டு. தலைப்பையும் நேரத்தையும் வாயால் சொன்னால் போதும், ரிப்போர்ட் பட்டன் மீதியைப் பார்த்துக்கொள்ளும். லிங்க்கில் பாஸ்வேர்டு போட்டுவிட்டவர் ஷிஃப்ட் முடிந்து சொல்லலாம் என்று இருக்கக் கூடாது. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, இத்தகைய சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் ஷிஃப்ட் ஒன்பது மணி நேரம். ஹேண்டோவரிலேயே சொல்லிவிட்டால் பாதுகாப்பு டீமுக்குச் செஷன்களை ரத்து செய்யவும், வேறு யாருக்கெல்லாம் அந்த மெயில் போயிருக்கிறது என்று தேடி இன்பாக்ஸ்களிலிருந்து எடுக்கவும் நேரம் கிடைக்கும்.